இந்த வெள்ளிக்கிழமை ஊசி வேண்டாம், அண்ணே

"டாக்டர், எனக்கு 53 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோர். பத்து வருடமாக இனிப்பு நீர். எடை 94 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர். தினம் அரைப் பெட்டி சிகரெட். இரண்டு வருடமாக உடம்பில் தெம்பில்லை, மனைவி பக்கம் மனமும் போவதில்லை. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் காலை எட்டரைக்கு, வெறும் வயிற்றில், இரண்டு முறை ரத்தம் எடுத்தார்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோன் 6.9, அப்புறம் 7.3. மூன்று வாரத்துக்கு ஒரு முறை 250 மில்லிகிராம் ஊசி போட்டு ஐந்து மாதம் ஆகிறது. முதல் வாரம் இளவட்டம் மாதிரி இருக்கிறேன், மூன்றாவது வாரம் படுத்து விடுகிறேன். இரண்டு வாரத்துக்கு ஒன்றாக மாற்றலாம் என்கிறார்கள். ஆனால் ஊசிக்கு முன் 48.6 ஆக இருந்த ஹெமடோக்ரிட் இப்போது 54.8. தலை கனக்கிறது. ரத்த தானம் செய்தால் சரியாகிவிடும் என்று கூட்டாளி சொல்கிறார். தினமும் ஆஸ்பிரின் போடுகிறேனே, அது ரத்தத்தை இளக்காதா? புரோஸ்டேட் சுரப்பிக்காகப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த எண் 1.6-இல் இருந்து 2.3 ஆகிவிட்டது. என் அண்ணனுக்கு 61 வயதில் புரோஸ்டேட் புற்றுநோய் வந்தது. ஜெல், மூன்று மாத ஊசி, தோலுக்கு அடியில் வைக்கும் குளிகை, இந்த மூன்றில் எதற்கு மாறலாம்? அலைச்சல் இல்லாததாகச் சொல்லுங்கள். குளிகை வைத்தால் ஆறு மாதத்துக்குக் கவலையே இல்லையாம். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி, என் தோளில்தான் தூங்குவாள். என் குறட்டை தாங்காமல் மனைவி வேறு அறையில் படுக்கிறார். நடுவில் மூச்சே நின்றுவிடுகிறது என்கிறார். அடுத்த ஊசி இந்த வெள்ளிக்கிழமை."

அண்ணே, வெள்ளிக்கிழமை ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். எதற்கு மாறலாம் என்பதைப் பிறகு பேசுவோம். ஹெமடோக்ரிட் 54-ஐத் தாண்டினால் டெஸ்டோஸ்டெரோனை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதில் மருத்துவ வழிகாட்டிகள் ஒன்றுபட்டு நிற்கின்றன. நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள், தலையும் கனக்கிறது. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள். ஈப்போ வரை போக முடியாவிட்டால் பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போய் ரத்த எண்ணிக்கையை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். போவதற்கு முந்தின நாளும் அன்று காலையிலும் நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். வெயிலில் வேலை செய்துவிட்டு வறண்ட உடம்போடு நேராகப் போய்க் கை நீட்டினால், ரத்தத்தில் உள்ள நீர் குறைந்து, எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும்.

அதற்குள் நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, பார்வை மங்குவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

கெட்டியான ரத்தம் என்றால் என்ன

ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றினால் இரண்டாகப் பிரியும். மேலே மஞ்சளாக நீர், அடியில் அடர்ந்த சிவப்பாக அணுக்கள். அந்தச் சிவப்பு அடுக்கு நூற்றில் எத்தனை பங்கு என்பதுதான் ஹெமடோக்ரிட். உங்கள் குழாயில் பாதிக்கு மேல் சிவப்பு. அளவு கூடக் கூட ரத்தம் பாகு போல மெதுவாக ஓடும். பத்து வருடமாக இனிப்பு நீர் இருப்பவரின் ரத்தக் குழாய்களுக்கு இது கூடுதல் சுமை.

டெஸ்டோஸ்டெரோன் இதை எப்படிச் செய்கிறது? சிவப்பணு உண்டாக்கச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குச் செய்தி அனுப்பும் ஹார்மோனைக் கூட்டுகிறது. அதோடு, உடம்பு பூட்டி வைத்திருக்கும் இரும்புச் சத்தையும் திறந்து விடுகிறது. ஆள் கூடி, சரக்கும் கூடினால் உற்பத்தி ஏறத்தானே செய்யும்? நீங்கள் போடும் வகை ஊசியில் முதல் சில நாட்கள் ஹார்மோன் அளவு இயல்பைத் தாண்டி உச்சிக்குப் போகும், மூன்றாவது வாரம் பள்ளத்துக்கு வரும். அந்த உச்சிதான் உங்களுக்கு இளவட்டத் தெம்பு தந்தது. ரத்தத்தைக் கெட்டியாக்கியதிலும் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

பள்ளத்தைச் சரிக்கட்ட அதே 250-ஐ இரண்டு வாரத்துக்கு ஒன்றாகப் போடலாம் என்றார்கள் அல்லவா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வாரத்துக்கு 250 என்றால் வாரத்துக்கு 83 மில்லிகிராம். இரண்டு வாரத்துக்கு 250 என்றால் 125. மொத்த மருந்து ஒன்றரை மடங்கு ஆகிறது. 54.8-இல் இருப்பவருக்கு இது நேர் எதிரான வழி.

ஆஸ்பிரின் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை என்று நாம் பேச்சுவழக்கில் சொல்லுகிறோம், அதனால்தான் இந்தக் குழப்பம். ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைத் தடுக்கும். சிவப்பணுக்களின் எண்ணிக்கையை அது ஒன்றும் செய்யாது. எழுதிக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

ரத்த தானம் செய்தால் எண் சில புள்ளிகள் இறங்கும், அது உண்மை. ஆனால் ஊசி அதே அளவில் தொடர்ந்தால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். திரும்பத் திரும்பக் கொடுத்தால் இரும்புச் சத்து வற்றி, எந்தச் சோர்வுக்காக ஊசி போட ஆரம்பித்தீர்களோ அந்தச் சோர்வே திரும்பி வரும். மருத்துவமனையில் உங்களைப் பரிசோதித்துவிட்டு, தேவை என்று ஒரு பை ரத்தம் எடுத்தால் அது வேறு, அது சிகிச்சை. தலைக்கனத்தைத் தீர்த்துக்கொள்ள தானம் கொடுப்பவர் வரிசையில் போய் நிற்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய எண்

54.8 அல்ல அண்ணே, 48.6. ஒரு சொட்டு டெஸ்டோஸ்டெரோன் உடம்பில் ஏறுவதற்கு முன்னால் எடுத்த எண் அது. தாழ்வான நிலத்தில் வாழும் ஒருவருக்கு 48-க்கு மேல் இருந்தால் சிகிச்சையைத் தொடங்காதீர்கள், முதலில் காரணத்தைத் தேடுங்கள் என்று அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. உங்கள் ரத்தம் ஊசிக்கு முன்பே கெட்டியாகத் தொடங்கியிருந்தது. அப்போதே யாராவது ஏன் என்று கேட்டிருக்க வேண்டும்.

கேட்டிருந்தால் பதில் உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளில் இருக்கிறது. குறட்டை, நடுவில் நின்றுபோகும் மூச்சு. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கும்போதெல்லாம் ரத்தத்தில் பிராண வாயு குறைகிறது. சிறுநீரகத்துக்கு அது குறட்டையால் வந்தது என்று தெரியாது. ரத்தம் போதவில்லை என்று நினைத்து, இன்னும் சிவப்பணு செய் என்று உத்தரவு போடுகிறது. ஒரு ராத்திரியில் இது பல முறை நடக்கலாம். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு சிவப்பணுக்களில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்வதால், பகலிலும் அதே உத்தரவு போகிறது. இந்த இரண்டும் ஏற்கெனவே ஏற்றி வைத்த மேட்டின் மேல்தான் ஊசி போய் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயே பகல் சோர்வைத் தரும், ஆசையைக் குறைக்கும். 94 கிலோ எடையும் இனிப்பு நீரும் டெஸ்டோஸ்டெரோனை இறக்கும். உங்கள் 6.9-உம் 7.3-உம் உண்மையிலேயே குறைவுதான், 8-க்குக் கீழே என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. காலையில், வெறும் வயிற்றில், இரண்டு முறை எடுத்ததும் சரியான முறை. ஆனால் அதோடு எல்.எச்., புரோலாக்டின் ஆகிய இரண்டு ஹார்மோன்களையும் பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. குறைவுக்குக் காரணம் விரையிலா, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலா என்பதை அவைதான் காட்டும். பழைய ரிப்போர்ட்டில் தேடுங்கள். இல்லையென்றால், ஊசியின் தாக்கம் முழுக்க இறங்கிய பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

மூன்றில் எது: நிறுத்த முடிகிறதா என்று பாருங்கள்

அலைச்சல் இல்லாதது எது என்று கேட்டீர்கள். மற்றவர்களுக்கு அது நியாயமான கேள்வி. ஒரு தடவை 54-ஐத் தாண்டியவர் வேறு கேள்வி கேட்க வேண்டும்: ஏதாவது தப்பாகப் போனால், எத்தனை நாளில் இதை உடம்பை விட்டு இறக்கலாம்? சிவப்பணுவின் ஆயுள் 120 நாள். மருந்தை நிறுத்திய அன்றே ரத்தம் இளகிவிடாது, உண்டான அணுக்கள் வாழ்ந்து முடிய வேண்டும். அந்தக் காத்திருப்பு போதாதென்று மருந்தும் உள்ளே மாதக்கணக்கில் கசிந்துகொண்டே இருந்தால் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதுதான்.

இந்தக் கண்ணோட்டத்தில் குளிகை உங்களுக்கு ஆகாது. இடுப்புக்குப் பின்னால், பிட்டத்தின் மேல் பகுதியில் மரக்கச் செய்து, சின்னதாகக் கீறி, நெல்மணி போன்ற குளிகைகள் சிலவற்றைத் தோலுக்கு அடியில் தள்ளுவார்கள். அவை மூன்று முதல் ஆறு மாதம் கரையும். இரண்டாவது மாதத்தில் ஹெமடோக்ரிட் ஏறினால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், பாதி கரைந்த குளிகையைத் தேடி எடுப்பது லேசான வேலை இல்லை. சிலருக்குக் குளிகை தானாகவே வெளியே பிதுங்கி வரும், சிலருக்குச் சீழ் பிடிக்கும். இனிப்பு நீர் உள்ளவருக்குப் புண் ஆறுவதும் சிரமம். தினமும் தோட்டத்தில் மோட்டார் சைக்கிளில் சுற்றுகிறவர் உட்காரும் இடம் வேறு. கவலையே இல்லை என்று சொன்னவர் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டார். யாராவது வற்புறுத்தினால், பெட்டியில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் சுகாதார அமைச்சின் ஹாலோகிராம் ஒட்டுச்சீட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவை இல்லாத மருந்தை உடம்புக்குள் புதைக்க விடாதீர்கள்.

மூன்று மாத ஊசி நல்ல மருந்து. ஆமணக்கு எண்ணெயில் கரைத்த 1000 மில்லிகிராம். முதல் ஊசிக்கு ஆறு வாரம் கழித்து இரண்டாவது, அதற்குப் பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. உச்சியும் பள்ளமும் பெரிதாக இராது. நான்கு மில்லிலிட்டர் எண்ணெய் என்பதால் பிட்டத்தின் தசையில் ஆழமாக, நிதானமாக, இரண்டு நிமிடம் எடுத்துப் போட வேண்டும். அவசரமாகப் போட்டாலும் ரத்தக் குழாயில் பட்டாலும் எண்ணெய்த் துளிகள் நுரையீரலுக்குப் போய் இருமலும் மூச்சடைப்பும் வரலாம். அதனால் போட்ட பிறகு அரை மணி நேரம் கிளினிக்கிலேயே உட்கார வேண்டும். ரத்தத்தைக் கெட்டியாக்காது என்று இதைச் சிலர் விற்கிறார்கள், அது சரியில்லை. உங்களைப் போல எடை கூடி, இனிப்பு நீரின் வாசலில் இருந்த ஆண்களுக்கு ஆஸ்திரேலியாவில் இதே ஊசியை இரண்டு வருடம் போட்டுப் பார்த்தார்கள். முடிவு 2021-இல் வெளிவந்தது. நூற்றுக்கு 22 பேருக்கு ஹெமடோக்ரிட் 54-ஐத் தொட்டது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அப்படி. போட்டுவிட்டால் மூன்று மாதம் திரும்பப் பெற முடியாது. ஆகவே இப்போது வேண்டாம். ஒரு வருடம் எண்கள் அடங்கியிருந்தால் அப்போது பேசலாம்.

மிஞ்சுவது ஜெல். ரத்தம் இளகிய பிறகு மறுபடி தொடங்குவதானால் உங்களுக்கு நான் எழுதுவது அதைத்தான். ஒரு நாள் பாக்கெட்டில் 50 மில்லிகிராம் இருக்கும், தோல் வழியாக உள்ளே போவது அதில் பத்தில் ஒரு பங்கு. ஏறக்குறைய 5 மில்லிகிராம், ஓர் ஆரோக்கியமான ஆணின் உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரப்பதற்குப் பக்கத்தில் வரும். உச்சி குறைவு. பூசாமல் விட்டால் சில நாட்களில் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். தினமும் பூச வேண்டுமே என்ற அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. தினமும் நிறுத்தவும் முடியும் என்பதுதான் அதன் பெருமை.

பேத்தி தூங்கும் தோள்

ஜெல்லில் என் பயமெல்லாம் அந்தக் குழந்தை மேல்தான். பூசிய தோலில் கன்னத்தை வைத்துத் தூங்கினால் மருந்து அவளுக்கும் போகும். இப்படிப் பட்ட சின்னக் குழந்தைகளுக்கு அந்தரங்கத்தில் முடி வளர்ந்தது, உறுப்பு பெருத்தது, குணம் முரடானது எல்லாம் பதிவாகி, 2009-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜெல் பெட்டிகளில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது. மனைவிக்கும் இதே ஆபத்து உண்டு. முகத்தில் முடி, பரு என்று காட்டும்.

சமாளிக்க முடியும், ஆனால் ஒழுங்கு வேண்டும். விடியற்காலை பெரட்டுக்குக் கிளம்பும் முன் குளித்து, நன்றாகத் துவட்டிவிட்டுப் பூசுங்கள். உங்கள் வீட்டுக்குத் தோளைவிட வயிறு நல்லது. சில மருந்துகளைத் தோளிலும் மேல் கையிலும் மட்டும்தான் பூசச் சொல்லியிருக்கும், ஆகவே வயிற்றில் பூச அனுமதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு பனியன், அதன் மேல் சட்டை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் காயும்வரை தீப்பற்றும், அந்த நேரத்தில் சிகரெட்டும் லைட்டரும் கையில் இருக்கவே கூடாது. வேலை முடிந்து வந்ததும் பேத்தி ஓடி வருவாள். முதலில் குளியலறை, சோப்புப் போட்டு ஒரு குளியல், புதுச் சட்டை, அப்புறம்தான் தூக்குவது. தவறிப் பட்டுவிட்டால் அவள் பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு உடனே கழுவுங்கள். இந்த ஒழுங்கு வீட்டில் நடக்காது என்று தோன்றினால் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தையைப் பணயம் வைத்து எடுக்க வேண்டிய மருந்தில்லை இது.

பூசிய பிறகு குறைந்தது ஐந்து மணி நேரமாவது குளிக்காமல் இருப்பது நல்லது. தோட்டத்து வேர்வை எவ்வளவைக் கழுவிக்கொண்டு போகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். பூசத் தொடங்கி ஒரு வாரமாவது ஆன பிறகு, பூசி இரண்டு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில் எடுக்க வேண்டும். கையில் பூசுபவராக இருந்தால் ஒரு விஷயம்: பூசிய கையிலிருந்து ரத்தம் எடுத்தால் ஊசி முனை தோலில் உள்ள ஜெல்லையும் தொட்டுக்கொண்டு போய், எண் வானத்துக்குப் பறக்கும். அதைப் பார்த்து மருந்தைக் குறைத்து, ஆளைத் திரும்பச் சோர்வில் தள்ளிய கதையை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் வயிற்றில் பூசினால் இந்தத் தொல்லை இல்லை.

அண்ணனுக்கு வந்தது உங்களுக்கும் வருமா

டெஸ்டோஸ்டெரோன் புரோஸ்டேட் புற்றுநோயை உண்டாக்கும் என்ற பயத்துக்கு ஒரு பழைய வேர் இருக்கிறது. விரையை நீக்கினால், பரவிய புரோஸ்டேட் புற்றுநோய் சுருங்குகிறது என்று 1941-இல் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குறைத்தால் சுருங்குகிறது என்றால் கூட்டினால் வளரும் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். ஆனால் சுரப்பி அப்படி நடந்துகொள்வதில்லை. பால் மரத்தில் மாட்டிய மங்கை நினைத்துக்கொள்ளுங்கள். மங்கு நிறையும்வரை ஒவ்வொரு சொட்டும் கணக்கு. நிறைந்த பிறகு விழுவது வழிந்து கீழேதான் போகும். புரோஸ்டேட்டின் மங்கு மிகக் குறைந்த அளவிலேயே நிறைந்துவிடுகிறது. குறைவாக இருந்தவருக்கு மருந்து கொடுத்ததும் பி.எஸ்.ஏ. கொஞ்சம் ஏறி நின்றுகொள்வது இதனால்தான்.

2023-இல் முடிவு வெளிவந்த டிராவர்ஸ் என்ற பெரிய ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களுக்கு ஜெல்லோ வெறும் ஜெல்லோ கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையான வகைப் புரோஸ்டேட் புற்றுநோய் மருந்து பூசியவர்களில் 5 பேருக்கும் பூசாதவர்களில் 3 பேருக்கும் வந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாத எண்ணிக்கை. மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை. ஆனால் நுரையீரலில் ரத்தக் கட்டி மருந்துப் பக்கம் கொஞ்சம் அதிகம், உங்கள் 54.8-ஐ நான் லேசாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பி.எஸ்.ஏ. 3-க்கு மேல் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை என்பதையும் நான் மறைக்கக் கூடாது. ஏற்கெனவே ஒளிந்திருக்கும் புற்றுநோய்க்கு இந்த மருந்து கொடுப்பதில் யாருக்கும் உறுதி இல்லை. ஆகவே பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கூடப்பிறந்த அண்ணனுக்கு வந்திருப்பதால் உங்களுக்கு எச்சரிக்கைக் கோடு மற்றவர்களைவிடக் கீழே. மற்றவர்களுக்கு 4, உங்களுக்கு 3. தொடங்கிய முதல் வருடத்துக்குள் 1.4-க்கு மேல் ஏறினாலும் சிறுநீரக அறுவை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். உங்களுடையது 0.7 ஏறி 2.3-இல் நிற்கிறது. இரண்டு கோட்டுக்கும் உள்ளேதான் இருக்கிறீர்கள். அடுத்த முறை எடுக்கும்போது இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம். சிறுநீர் எரிச்சல் இருந்தால் அது ஆறிய பிறகு எடுங்கள். இரண்டுமே எண்ணை வீணாக ஏற்றிக் காட்டும். தலைமுடி கொட்டாமலிருக்க ஃபினாஸ்டெரைட் மாத்திரை போடுகிறவர் என்றால் அதைச் சொல்லியே ஆக வேண்டும், அது பி.எஸ்.ஏ.-வைப் பாதியாக்கிக் காட்டும்.

விரல் பரிசோதனை பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. வெட்கத்தால் தள்ளிப் போட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பக்கவாட்டில் படுக்கச் சொல்லி, உறை போட்ட விரலால் சுரப்பியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்ப்பது, அரை நிமிட வேலை. பி.எஸ்.ஏ. சாதாரணமாக இருக்கும்போதே ஒரு கல் போன்ற முடிச்சு விரலுக்குத் தட்டுப்படுவது உண்டு. அண்ணன் கதை இருக்கும் உங்களுக்கு, ஜெல் தொடங்கும் முன் இது ஒரு முறை நடந்தே ஆக வேண்டும்.

வருகிற மாதங்கள்

ஊசியை நிறுத்திய மூன்றாவது, நான்காவது வாரத்தில் உடம்பு மிகவும் தளரும், மனமும் சுருங்கும். வெளியிலிருந்து வந்ததை நம்பி உங்கள் விரை வேலையைக் குறைத்திருக்கும், திரும்ப எழ வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அந்தத் தளர்ச்சியில் மறுபடி ஊசிக்கு ஓடிவிடாதீர்கள். மனைவிக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

மாதம் ஒரு முறை ரத்த எண்ணிக்கை எடுங்கள், 50-க்குக் கீழே வரும்வரை. அந்தக் காத்திருப்பில் செய்ய மூன்று வேலை இருக்கிறது. அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கப் பரிசோதனைக்கான கடிதம் வாங்குங்கள். மூச்சு நிற்பது உறுதியானால் இரவில் முகமூடி வழியாகக் காற்று தள்ளும் கருவி கொடுப்பார்கள். அதே கிளினிக்கில் சிகரெட்டை நிறுத்த உதவும் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எடையில் பத்துக் கிலோ இறங்கினால் உங்கள் சொந்த டெஸ்டோஸ்டெரோனே கொஞ்சம் ஏறும், மூச்சும் சீராகும். இந்த மூன்றும் கைகூடி, காலை அளவு மறுபடி பார்க்கும்போது மருந்தே தேவைப்படாமல் போனவர்களும் உண்டு.

அப்போதும் குறைவாகவே இருந்தால் ஜெல், ஒரு பாக்கெட்டுக்கு மேல் போகாமல். மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், பன்னிரண்டாவது மாதம் ஹெமடோக்ரிட்டும் பி.எஸ்.ஏ.-வும் எடுத்து, அதற்கப்புறம் வருடத்துக்கு ஒரு முறை. 50-ஐத் தாண்டினால் அளவைக் குறைப்பது, 54-ஐத் தொட்டால் நிறுத்துவது.

மனைவியை இந்த வாரம் கூடவே அழைத்துப் போங்கள். மூச்சு எத்தனை தடவை நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று டாக்டர் கேட்பார். தூங்குகிற உங்களுக்கு அது தெரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் விழித்துக் கிடப்பவருக்குத் தெரியும். முடிந்தால் ஒரு ராத்திரி உங்கள் படுக்கை பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் இரண்டு நிமிடம் படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள், 48.6 என்று எழுதிய அந்தப் பழைய ரிப்போர்ட்டோடு சேர்த்து டாக்டரிடம் காட்ட.